பெயர் கேட்காத படிவம்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்குப் பயிற்சி அறையில் ஆறு பேர் இருந்தார்கள். நீள மேஜையின் தலைப்பக்கம், ஏசிக்கு நேர் கீழே, மனிதவள மேலாளர் ராஜசேகர். அவருக்கு வலப்புறம் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அவருடைய உதவியாளர் பாலாஜி. இடப்புறம் ஆறாம் லைன் சூப்பர்வைசர் விஜயகுமார். எதிர்ப்பக்கம் தொழிலாளர் தரப்புக் கமிட்டி உறுப்பினர்கள் இருவர்: கதவுக்குப் பக்கத்தில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகத் தயாராக, ஸ்டோர்ஸ் ராமப்பன், அவருக்கு அடுத்து ஆறாம் லைன் மாதேஸ்வரி. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆறு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அதிலிருந்து ஒன்றை உருவி யாரும் பிரியாவுக்குப் போடவில்லை. அவள் மேஜையின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

இருபத்தோரு வயது. தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் காட்டோர ஊர். பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. இந்த மாதம் முப்பதாம் தேதியோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்பது ராஜசேகரின் கையெழுத்தில் இருந்தது. அவருக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால்தான் அவர் அவசரப்படாமல் பேசினார்.

"கமிட்டி மெம்பர்ஸ் இருக்கும்போதே பேசிடலாம்னுதான் கூப்பிட்டேன். நாளைக்கு யாரும் தனியா மிரட்டினாங்கன்னு சொல்லக்கூடாது பாருங்க" என்று சிரித்துவிட்டு, கையில் இருந்த தாளை எடுத்து வாசித்தார்.

"'எங்கள் லைனில் முப்பத்தெட்டுப் பெண்கள். பாத்ரூம் போக ஒரே ஒரு பாஸ். ஒருத்தி போய் வந்த பிறகுதான் அடுத்தவள் போகலாம். போன மாதம் எனக்கு விலக்கு நேரம். ஒண்ணேகால் மணி நேரம் பாஸுக்காக நின்றேன். துணியில் பட்டுவிட்டது. அதோடு வேலை செய்தேன். சூப்பர்வைசரிடம் சொன்னதற்கு டார்கெட் முடித்துவிட்டுப் போ என்றார். இன்னும் நாலு பாஸ் கொடுங்கள், இல்லாவிட்டால் பாஸையே எடுத்துவிடுங்கள்.'"

நான்கு ஆண்களும் லேப்டாப்பும் ஏசியும் இருக்கிற அறையில் அதை அவர் ஒரு சரக்குப் பட்டியல் மாதிரி வாசித்தார். பிரியா தரையைப் பார்த்தாள். அவளுடைய காதுமடல் ரெண்டும் சிவந்துபோயிருந்தன.

"இந்த மாதிரி மொட்டைக் கடுதாசி போடறது நம்ம கம்பெனி கல்ச்சர் கிடையாது" என்றார் ராஜசேகர். "பாலாஜி, அந்த லெட்டரைக் குடு. பாரும்மா, இதுல ஒண்ணும் பெருசா இல்ல. 'கோபத்தில் மிகைப்படுத்தி எழுதிவிட்டேன், வருந்துகிறேன்.' ரெண்டே வரி. நீ கையெழுத்துப் போடு. மாதேஸ்வரியும் ராமப்பனும் சாட்சி போடட்டும். முப்பதாம் தேதி நான் உன் ஃபைலை நல்லவிதமா பாக்கறேன்."

"மொட்டைக் கடுதாசியா?" மாதேஸ்வரியின் வாய் அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது. "நீங்கதானே சார் எழுதச் சொன்னீங்க? லிங்க் அனுப்பி, பேரு போடாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சஜெஷன் கேட்டோம். குற்றப்பத்திரிகை கேக்கல."

"பேரு இல்லாம எழுதினது இவதான்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

ராஜசேகர் பாலாஜியைப் பார்த்தார். பாலாஜி லேப்டாப்பைப் பார்த்தான். லேப்டாப் யாரையும் பார்க்கவில்லை.

"அது முக்கியமில்ல" என்றார் ராஜசேகர். "நீதானே எழுதினே? சாமி சத்தியமா இல்லன்னு சொல்லு பாப்போம்."

பிரியா பொய் சொல்லத் தெரியாத பெண். பேசாமல் நின்றாள். அதுவே போதும் என்கிற மாதிரி அவர் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க சார்" என்றாள் மாதேஸ்வரி. "சாட்சி போடறவ யோசிச்சுதானே போடணும்?"

"வெள்ளிக்கிழமை நாலு மணி. அதுக்கு மேல நான் பொறுப்பில்ல."

வெளியே வந்ததும் ராமப்பன் அவள் காதோரம், "பேடம்மா, நமக்கு இது பேடவே பேடா" என்று கன்னடத்தில் முணுமுணுத்துவிட்டு ஸ்டோர்ஸ் பக்கம் நழுவினார். வேண்டாம் என்று சொல்வதற்கு மட்டும் அந்த மனிதருக்கு மூன்று பாஷை தெரியும்.

*

அந்தத் தொழிற்சாலையில் பைக்குகளுக்கு வயரிங் கட்டுவார்கள். நகர்ந்துகொண்டே போகிற பலகைகளில் வயர்களை வளைத்து, சொருகி, டேப் சுற்றுகிற வேலை. பலகை நிற்காது; அதனால் ஆளும் நகரக்கூடாது. ஒருத்தி எழுந்து போனால் அவள் இடத்தில் மாற்றாள் வந்து நிற்க வேண்டும். அந்த மாற்றாளைக் குறைத்துவிட்டு நிர்வாகம் கண்டுபிடித்ததுதான் பாஸ். சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும் ஒரு சிவப்பு அட்டை. அது ஆணியில் இருந்தால் போகலாம். இல்லாவிட்டால் போனவள் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு டேப் சுற்றலாம்.

இதையெல்லாம் சொல்ல ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. 'நம்ம குடும்பம்' என்று பெயர். நானூற்றுப் பன்னிரண்டு பேர். ராஜசேகர், பாலாஜி, சூப்பர்வைசர்கள் எல்லாரும் அதில் உண்டு. ஒரு வருடத்துக்கு முன்னால் செல்வம்மாள் என்கிற பெண் அதில், 'சாம்பாரில் புழு இருந்தது' என்று போட்டோவோடு போட்டாள். அடுத்த நிமிடமே, 'என்னை அலுவலகத்தில் வந்து பார்க்கவும்' என்று ராஜசேகர் பதில் போட்டார். நானூறு பேரும் அதைப் படித்தார்கள். செல்வம்மாள் என்ன ஆனாள் என்பதையும் பார்த்தார்கள். மூன்றே மாதத்தில் அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது. அதற்கப்புறம் குழுவில் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் கட்டைவிரலும்தான். குடும்பம் என்று பெயர் வைத்த இடத்தில் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.

போன மாதம் நடந்த கமிட்டிக் கூட்டத்தில் மாதேஸ்வரிதான் இந்தப் பேச்சை எடுத்தாள். "நானூறு பேருக்கு முன்னால எவ சார் பேசுவா? பேரு தெரியாம எழுதற மாதிரி ஏதாச்சும் பண்ணுங்க." பாலாஜிக்கு உற்சாகம் வந்துவிட்டது. அன்றே உட்கார்ந்து ஒரு ஆன்லைன் படிவம் செய்தான். மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்காதபடி வைத்தான். உள்நுழையச் சொல்லியும் கேட்காது. யார் லிங்க்கைத் தொட்டாலும் நேராகப் படிவம் திறக்கும். எழுதி அனுப்பினால் அனுப்பிய நேரமும் பதிலும் மட்டும் ஒரு அட்டவணையில் போய் விழும். அவன் செய்தது அவ்வளவும் சரி.

அப்புறம் அந்தப் படிவம் மேஜையைச் சுற்றி வந்தது. எந்த லைன், எந்த ஷிஃப்ட் என்று கேட்க வேண்டும் என்றார் விஜயகுமார். எந்த வருடம் சேர்ந்தவர் என்பதும் வேண்டும் என்றார் ராஜசேகர். நான்காவதாக ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொன்னது மாதேஸ்வரி. "எந்தக் கம்பெனி பஸ்ல வர்றாங்கன்னும் கேளுங்க சார். பஸ் கம்ப்ளைண்ட் எழுதினா எந்த பஸ்னு தெரியணுமில்ல?" எல்லாக் கேள்விக்கும் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் விழுந்தது. நட்சத்திரம் போட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் படிவம் நகராது.

அவளுக்கு எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். மத்தூர் அரசுப் பள்ளியில் பன்னிரண்டு வரை படித்தவள். கடிதம் என்றால் இடதுபக்கம் அனுப்புநர், கீழே பெறுநர், நடுவில் பொருள், கடைசியில் இடம், நாள், உறைமேல் முகவரி. இதில் ஒன்று விட்டுப்போனால் தமிழம்மா பத்துக்கு ரெண்டு மார்க் குறைப்பார். லைனில் யாருக்கு விடுப்புக் கடிதம் வேண்டுமானாலும், பேங்கில் பாஸ்புக் தொலைந்தாலும், பிள்ளைக்கு டி.சி. வாங்க வேண்டுமானாலும் மாதேஸ்வரிதான் எழுதிக் கொடுப்பாள். அந்த ஒழுங்குதான் படிவத்திலும் போய்க் குந்திக்கொண்டது.

லிங்க் குழுவில் வந்த அன்று மாலை, ஆறாம் லைன் பெண்களுக்கு அவள் தனியாக ஒரு குரல்பதிவு அனுப்பினாள். "பேரு கேக்கலைங்கடி. போன் நம்பரும் போகாது. நான் பாத்துட்டுதான் சொல்றேன். தைரியமா எழுதுங்க."

ரெண்டு நாள் கழித்து, போன வாரம் புதன்கிழமை, ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறியதும் பிரியா எழுதினாள். வியாழன் மதியம் அவளை லைனிலிருந்து எடுத்து, கழிவு வயர் பிரிக்கிற மூலைக்கு அனுப்பினார்கள்.

*

செவ்வாய் மாலை சாப்பாட்டு இடைவேளையில் பிரியா கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தாள். தட்டில் கை வைக்கவில்லை.

"அக்கா, உங்க வாய்ஸ இன்னும் அழிக்கல. வெச்சிருக்கேன்."

"ஏன்டி, நான் போய் சொல்லிட்டேன்னு நினைக்கிறியா?"

"நினைக்கலக்கா. ஆனா வேற யாருக்கும் நான் சொல்லலியே. எங்க அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அப்போ எப்படித் தெரிஞ்சது?"

பக்கத்தில் இருந்த காவியா வாய் நிறையச் சோற்றோடு, "எழுத்தை வெச்சுக் கண்டுபிடிச்சிருப்பாங்கோ" என்றாள்.

"போனுல டைப் அடிச்சதுக்கு ஏதுடி கையெழுத்து?" என்று அதட்டினாள் மாரம்மா. லைனிலேயே மூத்தவள் அவள்தான். "பேரு கேக்க மாட்டாங்களாம், ஊரு கேப்பாங்களாம், தெரு கேப்பாங்களாம், வாசல்ல என்னா மரம்னு கேப்பாங்களாம். அப்புறம் என்னா மயித்துக்குப் பேரு?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மாதேஸ்வரி சிரிக்கவில்லை. கையில் எடுத்த சோற்று உருண்டை அப்படியே நின்றது.

"பிரியா, நீ எந்த பஸ்ல வர்ற?"

"ஏழாம் நம்பர். தேன்கனிக்கோட்டை பஸ்."

"நம்ம ஷிஃப்ட்டுல, நம்ம லைன்ல, ஏழுல வேற யாரு வர்றா?"

பிரியா யோசிக்கக்கூட இல்லை. "யாரும் இல்லக்கா. நான் ஒருத்திதான்."

*

புதன்கிழமை காலை, மத்திகிரி வாடகை வீட்டில், மாதேஸ்வரி ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டாள். முப்பத்தெட்டுப் பெயர். பக்கத்தில் பஸ் எண். பக்கத்தில் சேர்ந்த வருடம். தெரியாததை போன் போட்டுக் கேட்டாள். அப்புறம், யாருடைய பஸ்ஸும் வருடமும் வேறு யாரோடும் ஒத்துப்போகவில்லையோ அவர்கள் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைத்தாள். வைத்துக்கொண்டே போனாள். எண்ணிப் பார்த்தால் இருபத்திரண்டு புள்ளி.

முப்பத்தெட்டில் இருபத்திரண்டு பேரைப் பெயர் கேட்காமலே பெயர் சொல்லிக் கூப்பிடலாம். பிரியாவுக்கு வருடம்கூடத் தேவையில்லை. பஸ் ஒன்றே போதும். பஸ் கேள்வி யாருடையது?

அவள் கணவன் முனிவேல் லேத் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். நோட்டை எட்டிப் பார்த்தான்.

"என்னாது, சீட்டு கட்டறியா?"

"நான் ஒரு பொண்ணைப் பிடிச்சுக் குடுத்திருக்கேன்" என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டான். கடைசியில், "வேலை போனாலும் போவும்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "எழுதறதுன்னா முழுசா எழுது. பாதி எழுதிட்டு வந்து அழக்கூடாது" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தான்.

அன்று ஷிஃப்ட்டுக்கு அரை மணி முன்னாலேயே போய், பாலாஜியை டைம் ஆபீஸ் வாசலில் பிடித்தாள்.

"தம்பி, நேராச் சொல்லு. நீ காட்டிக் குடுத்தியா?"

"அக்கா, சத்தியமா இல்லக்கா. ஈமெயில் கலெக்ட் ஆஃப் பண்ணித்தான் வெச்சேன். பேரு எங்கேயும் வரல." அவன் போனைத் திறந்தே காட்டினான். "சார் ஷீட்டை ஷேர் பண்ணச் சொன்னாரு. பண்ணேன். அவரு லைன் ஆறுன்னு ஃபில்டர் போட்டாரு. பஸ் ஏழுன்னு வந்துச்சு. டிரான்ஸ்போர்ட் லிஸ்ட்டைக் கொண்டான்னாரு. ரெண்டு நிமிஷம்கூட ஆகலக்கா."

"கொண்டுபோய்க் குடுத்தே."

"அவரு என் மேனேஜர்க்கா."

"பேரு கேக்கலன்னு லிங்க்குக்கு மேல நீதானே எழுதினே?"

பாலாஜியின் முகம் சுருங்கியது. "இப்பவே அந்தக் கேள்வியெல்லாம் எடுத்துடறேன்க்கா."

"எடுத்தா? ஏற்கெனவே எழுதினவங்களோடது ஷீட்டுல இருக்குமா, போயிடுமா?"

அவன் தலை குனிந்தான். "இருக்கும்."

"எத்தனை பேரு எழுதியிருக்காங்க?"

"அறுபத்தேழு."

அறுபத்தேழு பேர். ராஜசேகருக்குப் பொழுது போகாத ஒரு நாளில், அறுபத்தேழு பேரையும் பஸ்ஸிலிருந்து ஒவ்வொருத்தராக இறக்கலாம். மாதேஸ்வரிக்கு வந்த கோபத்தில் பாலாஜியை அறையலாம் போல இருந்தது. ஆனால் அந்த அறை தன் கன்னத்திலும் பாதி விழ வேண்டியது என்பதால் கையை இறக்கிக்கொண்டாள்.

"தம்பி, ஒரு உபகாரம் பண்ணு. படிவத்துல பதில் வாங்கறதை நிறுத்து. இன்னொருத்தி விழறதுக்கு முன்னால நிறுத்து."

அதை மட்டும் அவன் செய்தான். அவள் எதிரிலேயே பொத்தானை நகர்த்தினான். அதற்குமேல் லிங்க்கைத் தொட்டவர்களுக்கு, இந்தப் படிவம் இனி பதில்களை ஏற்பதில்லை என்றுதான் வந்தது.

அவள் தன் போனை எடுத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர் குழுவில் எழுதினாள்: 'படிவத்தில் பெயர் கேட்கவில்லை என்று நான் சொன்னேன். ஆனால் லைன், ஷிஃப்ட், பஸ், வருடம் நான்கையும் வைத்து எழுதியவரைக் கண்டுபிடிக்கிறார்கள். பஸ் கேள்வியைச் சேர்க்கச் சொன்னது நான்தான். மன்னிக்கவும். மாதேஸ்வரி, ஆறாம் லைன்.'

ஒரு நிமிடம்தான். குழுவின் அடியில், இனி அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும் என்று வந்தது. அதன் மேலே ராஜசேகரின் ஒரு கட்டைவிரல்கூட இல்லை. ஆனால் படித்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. நூறு, நூற்று எண்பது, முந்நூறு. கும்பிடு போட்டவர்கூட ஒருவரும் இல்லை, எல்லோரும் படித்தார்கள்.

*

"வேற லிங்க் நாமே பண்ணலாம்க்கா" என்றாள் காவியா, அன்று மாலை கேன்டீனில். "எனக்குத் தெரியும். ஒரு கேள்விகூட வெக்காம, வெறும் கட்டம் மட்டும் வெக்கலாம்."

"வெச்சு? யாருக்குக் காட்டறது? அவருக்கே காட்டணுமா? பேரில்லாத அறுபது கடுதாசியைக் கொண்டுபோனா, ஒருத்தியே உக்காந்து அறுபது தடவை எழுதினாம்பாரு" என்றாள் மாதேஸ்வரி.

"அதுவும் சரிதான்" என்றாள் மாரம்மா. "மொட்டைக்கு முடி போட முடியாது. பேரு போட்டே எழுது. மொத ஆளா யாரு போடறதுன்னுதான் கேள்வி."

"நான்தான். அனுப்புநர் நான்தான்."

எழுதினாள். வெள்ளைத் தாளில், ஓரம் விட்டு, நீல மையில். பெறுநர் இடத்தில் மாவட்டத் தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரியின் அலுவலகம். பொருள்: கழிப்பறை செல்ல அனுமதி அட்டை முறையை நீக்கவும், கருத்துத் தெரிவித்த தொழிலாளியைப் பழிவாங்குவதைத் தடுக்கவும் வேண்டி. சட்டப் பிரிவு எண் எதையும் அவள் போடவில்லை. தெரியாத எண்ணைப் போட்டால் அதை வைத்தே கடிதத்தைத் தள்ளிவிடுவார்கள். நடந்ததை மட்டும் தேதி போட்டு எழுதினாள். முப்பத்தெட்டுப் பேர், ஒரு அட்டை, இத்தனை மணி நேரம். படிவத்தில் இருந்த நான்கு கேள்விகள். நான்காவது கேள்வி யாரால் வந்தது என்பதையும் எழுதினாள். அந்த வரியை எழுதும்போது பேனா இருமுறை நின்றது. எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

கையெழுத்து வாங்கியது பஸ்ஸில். தொழிற்சாலைக்குள் தாள் நகர்ந்தால் விஜயகுமாருக்கு மூக்கில் வேர்க்கும். அதனால் பஸ்ஸுக்கு ஒரு தாள். இரண்டாம் நம்பரில் மாதேஸ்வரி, மூன்றில் காவியா, ஐந்தில் மாரம்மா, ஏழில் தனியாளாகப் பிரியா. வியாழன் மதியம் ஷிஃப்ட்டுக்கு வரும் பஸ்ஸில் தாள் மடியிலிருந்து மடிக்குப் போனது.

எல்லோரும் போட்டார்கள் என்று சொன்னால் பொய். ராசாத்தி, "எம் புருசனும் இங்கதான்க்கா வேலை செய்யறாரு, ரெண்டு வேலையும் போனா என்னா பண்றது" என்று தாளை மடித்து அப்படியே திருப்பித் தந்தாள். ஒருத்தி தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். நஞ்சம்மா தெலுங்கில் ஒரு பாட்டம் திட்டினாள், ராஜசேகரை அல்ல, மாதேஸ்வரியை: "பஸ்ஸு கேள்வி நீ வெச்சதுதானே? இப்ப கையெழுத்துக்கு வேற வந்துட்டியா?" திட்டி முடித்துவிட்டு, "எங்கே, பேனாவைக் குடு" என்றாள். அப்படி ஒரு அழுத்தமான கையெழுத்தை மாதேஸ்வரி பார்த்ததில்லை. தாள் கிழியாமல் இருந்தது அதிசயம்.

ராமப்பனிடமும் போனாள். கமிட்டிக்காரர் ஆயிற்றே. அவர் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். "பதினாலு வருசம்மா. இன்னும் ஆறு வருசம் இருக்குது."

"அந்தப் பதினாலு வருசத்துல ஒரு தடவையாவது பாஸ் கேட்டு நின்னிருக்கீங்களாண்ணா?"

அவர் பேனாவைத் தொடவில்லை. ஸ்டோர்ஸ் ஆண்களுக்குப் பாஸ் கிடையாது. வேண்டும்போது எழுந்து போவார்கள்.

முப்பத்தெட்டில் முப்பத்தொன்று சேர்ந்தது.

*

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அதே அறை, அதே ஏசி. இந்த முறை மாதேஸ்வரி உள்ளே வந்ததும் அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை உருவி, "உக்காரு" என்று பிரியாவுக்குப் போட்டாள். அந்தச் சத்தத்தில் விஜயகுமார் திரும்பிப் பார்த்தார்.

ராஜசேகர் தாளை நகர்த்தினார். "யோசிச்சாச்சா?"

"நான் எழுதினது நெஜம் சார்" என்றாள் பிரியா. "மிகையில்ல. ஒண்ணேகால் மணி நேரம்தான். நான் கடியாரம் பாத்தேன்."

"அப்போ முப்பதாம் தேதி..."

"சார், சாட்சி கேட்டீங்களே, நான் போடறேன்" என்று மாதேஸ்வரி தாளைத் தன் பக்கம் இழுத்தாள். ராஜசேகரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவள் சாட்சி என்று போட்டிருந்த கோட்டுக்கு மேலே நிதானமாக எழுதத் தொடங்கினாள். எழுதிக்கொண்டே உரக்கப் படித்தாள்.

"'இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால்தான் வேலை என்று மேலாளர் இவளிடம் என் முன்னிலையில் கூறினார். இவள் தன் உடல்நிலை பற்றி எழுதியதை ஆண்கள் இருந்த அறையில் வாசித்தார். இவள் மறுத்துவிட்டாள். நான் கண்ணால் கண்டது இவ்வளவு. நாள்...'"

"ஏய், நிறுத்து! என்ன எழுதறே?" அவர் எழுந்து தாளைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் 'நாள்' என்கிற இடத்தில் பேனா நீளமாகக் கோடு இழுத்துவிட்டது.

"சாட்சின்னா பாத்ததைத்தானே சார் எழுதணும்? பாக்காததை எழுதினா அது பொய்சாட்சி."

"உன்னைக் கமிட்டியில வெச்சதே தப்பு."

"நீங்க வெக்கல. லைன்ல ஓட்டுப் போட்டு வெச்சாங்க."

விஜயகுமார் தொண்டையைச் செருமினார். "டார்கெட் சார், டார்கெட். நாங்க என்ன வேணும்னா பண்றோம்?" என்று யாரிடமோ சொன்னார். பாலாஜி திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. ராஜசேகர் தாளை நாலாகக் கிழித்தார். "முப்பதாம் தேதி பாத்துக்கலாம். ரெண்டு பேரும் போங்க."

"சரிங்க சார். அதையும் எழுதிடறேன்" என்றாள் மாதேஸ்வரி. "கிழிச்சதையும்."

*

சனிக்கிழமை காலை ஓசூர் தபால் நிலையத்தில் அவள் கடைசி வரியைச் சேர்த்தாள்: 'நான் சாட்சி எழுதிய மன்னிப்புத் தாளை மேலாளர் வெள்ளிக்கிழமை மாலை எங்கள் எதிரில் கிழித்துவிட்டார்.' முதல் பஸ் பிடித்து வந்த பிரியா பக்கத்தில் நின்று, கடிதமும் கையெழுத்துமாக ஐந்து தாள்களையும் வரிசையாக அடுக்கிக் கொடுத்தாள். இன்னொரு உறையில் கம்பெனி நிர்வாக இயக்குநருக்கு ஒரு நகல். அவரும் தெரிந்துகொள்ளட்டும், தெரியாது என்று நாளைக்குச் சொல்லக் கூடாது.

"அக்கா, முப்பதாம் தேதி என்னை அனுப்பிட்டா?"

மாதேஸ்வரி எழுதிய வரியை ஊதி உலர்த்தினாள். முன்பு ஒரு தடவை, பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்று தைரியம் கொடுத்தவள் அவள். "அனுப்பினாலும் அனுப்புவாங்க" என்றாள். "ஆனா எதுக்கு அனுப்பினாங்கன்னு முப்பத்தொரு பேரு ஏற்கெனவே எழுதிக் குடுத்திருக்கோம். அது போகாது."

பிரியா தலையாட்டினாள். பயம் போன மாதிரி தெரியவில்லை. ஆனால் உறையை அவளே பிடித்துக்கொண்டாள்.

கோந்துக் கிண்ணத்தில் குச்சி காய்ந்து ஒட்டியிருந்தது. மாதேஸ்வரி குச்சியை ஆட்டி எடுத்து, உறையின் மடிப்பு முழுக்கத் தடவி, புறங்கையால் மூன்று முறை அழுத்தினாள். பெறுநர் முகவரி பெரிய எழுத்தில். இடது கீழ் மூலையில் அனுப்புநர்.

கவுன்ட்டரில் இருந்த பெண் உறையைத் தராசில் வைத்தாள். "ரிஜிஸ்டர் போஸ்ட்டா?"

"ஆமாங்க."

"இப்ப அதெல்லாம் ஸ்பீட் போஸ்ட்டுலயே சேத்துட்டாங்க. அதுலயே போட்டுடவா?"

"போடுங்க. சேர்ந்ததுக்கு அத்தாட்சி வேணும்."

அந்தப் பெண் திரையில் அடித்துக்கொண்டே உறையைத் திருப்பினாள். அனுப்புநர் இடத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "மாதேஸ்வரி, பிரியா மற்றும் இருபத்தொன்பது பேர்னு போட்டிருக்கீங்க. ஒரு பேருதான் அடிக்க முடியும். யாரு பேரு போடட்டும்?"

"என்..." என்று மாதேஸ்வரி ஆரம்பிப்பதற்குள் பிரியா கவுன்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள்.

"பிரியா. அப்பா பேரு ஆஞ்சப்பன். ஊரு, பின்கோடு, போன் நம்பர் எல்லாம் சொல்றேன், எழுதிக்கோங்க."

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இயந்திரம் கரகரத்து ஸ்டிக்கரைத் துப்பியது. அந்தப் பெண் அதை உறையின்மேல் ஒட்டி, முத்திரையை ஓங்கிக் குத்தி, உறையை முதுகுக்குப் பின்னால் இருந்த பைக்குள் போட்டாள்.